அறுநூறு என்ற எண்ணுக்கு வந்த வழி

நிதி திரட்டும் விருந்தொன்றில் வேண்டுகோளுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த நான்கு நிமிடங்களுக்கான உரையை எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களை வீட்டிலிருந்து சிகிச்சை மையத்துக்கு அழைத்துச் சென்று, முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடும் ஒரு சிறிய அமைப்பு அந்த விருந்தை நடத்தியது. அழைக்கப்பட்டவர்கள் 140 பேர். அமைப்பின் வண்டிக்காகக் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்கள் 11 பேர். அந்த நான்கு நிமிடங்களை எழுத எனக்கு ஐந்து வாரங்கள் ஆயின. அந்த ஐந்து வாரங்களில் பெரும்பகுதி எழுதியதை நீக்குவதிலேயே கழிந்தது. இங்கே வரும் தொகைகளுக்கு நாணயத்தின் பெயரைச் சேர்க்கவில்லை. எந்த நாணயத்தில் வைத்துப் பார்த்தாலும் கணக்கின் வழி ஒன்றுதான்.

முதல் வரைவில் மூன்று நோயாளிகள் இருந்தார்கள். அவர்களோடு சிறுநீரக நோயைப் பற்றிய புள்ளிவிவரங்களும், அமைப்பு தொடங்கிய வரலாறும், நன்றியுரையும் இருந்தன. ஒவ்வொன்றும் உண்மைதான். ஆனால் உரக்கப் படித்தபோது எந்த முகமும் மனத்தில் நிற்கவில்லை. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் ஆகிய மூவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வொன்று அப்போது நினைவுக்கு வந்தது. ஆய்வில் கலந்துகொண்டவர்களுக்கு ஐந்து டாலர் கொடுத்து, அதிலிருந்து விரும்பியதை நன்கொடையாகத் தரலாம் என்றார்கள். ஆப்பிரிக்காவின் பசியைப் பற்றிய புள்ளிவிவரங்களை மட்டும் படித்தவர்கள் சராசரியாக 1.14 டாலர் கொடுத்தார்கள். மாலி நாட்டைச் சேர்ந்த ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியைப் பற்றி மட்டும் படித்தவர்கள் 2.38 டாலர் கொடுத்தார்கள். சிறுமியின் கதையையும் புள்ளிவிவரங்களையும் சேர்த்துப் படித்தவர்கள் கொடுத்தது 1.43 டாலர்தான். கதைக்கு வலுவூட்டும் என்று நாம் நம்பிச் சேர்க்கும் எண்களே கதையின் பிடியைத் தளர்த்திவிடுகின்றன. நான் எழுதியிருந்த முதல் வரைவு அந்த மூன்றாவது குழுவுக்குக் கொடுத்த தாளைப் போலவே இருந்தது.

ஆகவே ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டேன். தையல் வேலை செய்து ஓய்வுபெற்ற, அறுபதைக் கடந்த ஒருவர். வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் அவருக்கு டயாலிசிஸ் நடக்கிறது. அமைப்பின் வண்டி கிடைப்பதற்கு முந்தைய 13 வாரங்களில் அவர் 39 முறை சென்றிருக்க வேண்டும். மையத்தின் வருகைப் பதிவின்படி 31 முறைதான் சென்றிருக்கிறார். எட்டு முறை செல்லவில்லை. டயாலிசிஸில் ஒரு முறை தவறினாலே உடம்பில் நீரும் பொட்டாசியமும் தேங்கத் தொடங்கும். காலில் வீக்கமும் படுத்தால் மூச்சுத்திணறலும் வரும். பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே பிறழக்கூடும். இவ்வளவு தெரிந்தும் ஒருவர் செல்லாமல் இருந்தார் என்றால் காரணம் பணமாகத்தான் இருக்கும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். “சிகிச்சைக்குப் பணமில்லாமல் எட்டு முறை வீட்டிலேயே படுத்திருந்தார்” என்று இரண்டாவது வரைவில் எழுதினேன். அமைப்பில் எல்லோருக்கும் அந்த வரி பிடித்துவிட்டது. உருக்கமாக இருக்கிறது என்றார்கள்.

யாருடைய வாழ்க்கையைச் சொல்கிறோமோ அவரிடம் அதை முழுவதுமாகப் படித்துக் காட்டாமல் மேடைக்கு அனுப்புவதில்லை என்பது நான் விடாமல் கடைப்பிடிக்கும் வழக்கம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவது வேறு, படித்துக் காட்டுவது வேறு. கையெழுத்திடுபவர் தம்மைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார்கள் என்பதற்குத்தான் ஒப்புக்கொள்கிறார். என்ன சொல்லப்போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அவர் வீட்டுக்குச் சென்று மெதுவாகப் படித்தேன். எட்டு முறை செல்லாத இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“காசு இல்லாம நான் நிறுத்தலை, தம்பி. மருந்துச் செலவு, மெஷின் செலவு எல்லாத்துக்கும் உதவி இருக்கு. மகன்தான் கூட்டிட்டுப் போவான். வாரத்துல மூணு நாள் அரை நாள் லீவு போட்டான். மேலதிகாரி கூப்பிட்டுப் பேசினதா ஒரு நாள் ராத்திரி மருமககிட்ட சொன்னது என் காதுல விழுந்துது. அதுக்கப்புறம் அப்பப்ப, இன்னைக்கு உடம்பு நல்லா இருக்கு, போக வேண்டாம்னு நானே சொல்லிடுவேன்.”

தாமாகச் செல்ல முடியாதா என்று கேட்டேன். போகும்போது பேருந்தில் போய்விடலாம் என்றும், திரும்பும்போதுதான் முடியாது என்றும் சொன்னார். டயாலிசிஸ் முடிந்து எழும்போது பலருக்கு இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். நான்கு மணி நேரத்தில் உடம்பிலிருந்து எடுக்கப்பட்ட நீரின் களைப்பு அன்று முழுவதும் இருக்கும். ஒரு முறை பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தவர் எழ முடியாமல் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்திருக்கிறார். அதை மகனிடம் சொல்லவில்லை.

என் வரைவில் இருந்த வறுமைக் கதையைவிட இந்த உண்மை எனக்கு ஆழமாகத் தைத்தது. அதைவிட முக்கியமாக, கேட்க வேண்டிய தொகையையே இது மாற்றிவிட்டது. பணமில்லாததால் சிகிச்சை தவறியது என்று சொன்னால், கேட்பவர் சிகிச்சைச் செலவைத் தரத்தான் கை நீட்டுவார். ஆனால் அந்த அமைப்பு சிகிச்சைச் செலவைத் தருவதில்லை, வண்டி அனுப்புகிறது. கதை ஒரு பக்கமும் தொகை இன்னொரு பக்கமும் நிற்கும் வேண்டுகோளில் கேட்பவருக்கு எங்கோ ஓர் இடறல் தோன்றும். அது என்னவென்று அவரால் சொல்ல முடியாமல் போகலாம், ஆனால் பேனா மேசையிலேயே இருந்துவிடும். மகன் விடுப்பு எடுக்க வேண்டியிருந்தது என்பது கதையானால், விடுப்பு எடுக்காமல் இருக்க என்ன ஆகும் என்பதே தொகை. இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகின்றன.

அவர் மூன்று நிபந்தனைகள் வைத்தார். பெயர் வேண்டாம், படம் வேண்டாம், மகன் வேலை செய்யும் இடம் எதுவென்று ஊகிக்கும்படி எதுவும் வேண்டாம். மூன்றையும் எழுதி அமைப்பின் கோப்பில் சேர்த்தோம். விருந்துக்கு முந்தைய நாள் வரை எப்போது வேண்டுமானாலும் அவர் மறுத்துவிடலாம் என்றும், மறுத்தாலும் வண்டி நிற்காது என்றும் அந்தத் தாளில் இருந்தது. இந்தக் கடைசி வரி இல்லாத ஒப்புதல் ஒப்புதலே ஆகாது. உதவி பெறுபவர் உதவி செய்பவரிடம் “முடியாது” என்று சொல்வதற்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவை அவரிடம் எதிர்பார்ப்பதற்குமுன் அவருக்கான பாதுகாப்பை நாம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

விருந்துக்குழுவில் இருந்த ஒருவர் நல்லெண்ணத்துடன், “உயிர் ஊசலாடியது” என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டார். அப்படி நடக்கவில்லை. கால் வீங்கியது; இரண்டு இரவுகள் தலையணை வைத்துச் சாய்ந்தபடியே தூங்கினார்; அவ்வளவுதான் நடந்தது, அவ்வளவுதான் எழுதினேன். அந்த விருந்தில் மருத்துவர்களும் செவிலியர்களும் இருப்பார்கள். சாய்ந்து தூங்கினார் என்ற சொல்லிலேயே நுரையீரலில் நீர் ஏறியிருக்கிறது என்பதை அவர்கள் உணர்ந்துகொள்வார்கள். மற்றவர்களுக்கு அந்தக் காட்சியே போதும்.

இனித் தொகை. வாரத்துக்கு மூன்று முறை என்றால் ஆண்டுக்கு 156 முறை, மாதத்துக்குச் சரியாக 13 முறை. ஒரு முறை போய்வர ஓட்டுநருக்கும் எரிபொருளுக்கும் 34 ஆகிறது என்று பொருளாளர் கணக்குக் காட்டினார். 34-ஐ 13-ஆல் பெருக்கினால் 442. அந்த எண்ணையே கேட்டுவிடலாம், குறைவாக இருப்பது நல்லது என்பது அவருடைய கருத்து. நான் அமைப்பின் ஓராண்டுச் செலவுத் தாளைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். வண்டிக் காப்பீடு, பழுதுபார்ப்பு, யாரை எந்த வண்டி எத்தனை மணிக்கு அழைத்து வரும் என்று நாள் முழுவதும் தொலைபேசியில் ஒழுங்கு செய்யும் ஒருவருடைய ஊதியம், நோயாளி திடீரென்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதால் வெறுமையாகத் திரும்பிய பயணங்கள் ஆகியவற்றை எல்லாப் பயணங்களுக்கும் பகிர்ந்தால், ஒரு முறைக்கு இன்னும் 12 கூடியது. ஆக 46. மாதத்துக்கு 598.

442 கேட்டு 442 வாங்கியிருந்தால், ஒவ்வொரு நோயாளிக்கும் மாதந்தோறும் 156 பற்றாக்குறை விழுந்திருக்கும். அதை ஈடுகட்ட அமைப்பு வேறெங்கோ கையேந்த வேண்டும், அல்லது யாருக்கும் சொல்லாமல் பயணங்களைக் குறைக்க வேண்டும். “உங்கள் பணத்தில் ஒருவர் ஒரு மாதம் முழுவதும் போய்வருவார்” என்று சொன்ன வாக்கு அப்போது பொய்யாகிவிடும். தொலைபேசியில் ஒழுங்கு செய்பவர் இல்லையென்றால் வண்டி வாசலுக்கு வராது. ஆகவே அவருடைய ஊதியமும் பயணத்தின் விலைதான். பொருளாளர் இதை ஏற்றுக்கொண்டார். 598 என்பதை 600 என்று கேட்பதாகவும், இரண்டின் வேறுபாட்டை மறைக்காமல் உரையிலேயே சொல்வதாகவும் முடிவாயிற்று.

அடுத்து, தொகை ஒன்றா பலவா என்ற கேள்வி வந்தது. இத்தகைய விருந்துகளில் பெரிய தொகையில் தொடங்கி ஒவ்வொரு படியாக இறங்கிக் கேட்பது பரவலான முறை. அதற்குப் பழகிய கூட்டத்திலும், மேல்படியில் கை உயர்த்தப்போகிறவர் யாரென்று முன்கூட்டியே தெரிந்த இடத்திலும் அது பலன் தரும். எங்கள் 140 பேரில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள். முதல் படியில் யாரும் கை உயர்த்தாத அமைதி விழுந்துவிட்டால் அந்த அமைதி கீழ்ப்படிகளுக்கும் பரவிவிடும். படிகள் வைத்தால் இன்னொரு இழப்பும் உண்டு: கேட்பவர் அந்த மனிதரைப் பற்றி நினைப்பதை விட்டு, தாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்று நினைக்கத் தொடங்குவார். ஆகவே 600 மட்டும்தான். அட்டையில் “நான் ___ மாதம் ஏற்கிறேன்” என்று ஒரே ஒரு கோடு. விரும்புகிறவர் 12 என்று எழுதலாம். ஒரு மாதம் தனக்கு இயலாதவர் பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து எழுதலாம். அட்டையில் இரண்டு கையெழுத்துக்கு இடம் விட்டோம்.

விருந்தின் செலவைப் பற்றியும் உரையில் ஒரு வரி வேண்டும் என்று வற்புறுத்தினேன். நன்றாகப் பரிமாறப்பட்ட மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு, தன் பணம் இந்த மேசைக்கே போகிறதோ என்ற ஐயம் வருவது இயற்கை. யூரி நீஸி, எலிசபெத் கீனன், அயெலெட் நீஸி ஆகியோர் 2014-இல் வெளியிட்ட கள ஆய்வில் 40,000 பேருக்கு வேண்டுகோள் அனுப்பப்பட்டது. நிர்வாகச் செலவை வேறொருவர் ஏற்கெனவே ஏற்றுவிட்டார் என்று சொல்லப்பட்ட குழுவிலிருந்து வந்த தொகை, எதுவும் கூடுதலாகச் சொல்லப்படாத குழுவிலிருந்து வந்ததைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. எங்கள் விருந்தில் மண்டபத்தையும் உணவையும் ஒருவர் முழுவதுமாக ஏற்றிருந்தார். தம் பெயரைச் சொல்லக் கூடாது என்றார். பெயர் இல்லாமலே அந்த உண்மையைச் சொன்னோம். அப்படி ஏற்பவர் இல்லாத இடத்தில் அந்த வரியைச் சொல்லக் கூடாது. சீட்டின் விலையில் எவ்வளவு உணவுக்குப் போகிறது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுவதே அங்கே நேர்மை.

யார் பேசுவது என்பதிலும் சிறிது தடுமாறினோம். அவரையே மேடைக்கு அழைக்கலாம் என்றார்கள். தமக்கு உதவுகிறவர்களின் முன்னால், அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், தம் நோயைச் சொல்ல ஒருவரை நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. அவரை வாரம் மூன்று முறை அழைத்துச் செல்லும் ஓட்டுநரே பேசினார். அவர் அறிந்ததை மட்டும் எழுதினேன். தான் பேசாத சொற்களை அவர் அடித்துவிட்டுத் தன் சொற்களைப் போட்டார். கடைசியில் நின்ற உரை இதுதான்:

“நான் வண்டி ஓட்டுகிறேன். வாரத்துக்கு மூன்று முறை ஒருவரை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறேன். அவர் தையல்காரராக இருந்தவர். என் சட்டையின் பொத்தான் தளர்ந்திருந்தால் ஏறியவுடன் சொல்லிவிடுவார். முன்பு அவருடைய மகன் அவரை அழைத்துப் போனார். அதற்காக வாரத்துக்கு மூன்று அரை நாள் விடுப்பு எடுத்தார். வேலையில் அது பிரச்சினையாவது தந்தைக்குத் தெரிந்துவிட்டது. அதன்பின் அவர், இன்று உடம்பு நன்றாக இருக்கிறது, போக வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினார். மூன்று மாதங்களில் எட்டு முறை அப்படிச் சொன்னார். அவருக்குக் கால் வீங்கியது. இரண்டு இரவு படுக்க முடியாமல் சாய்ந்தபடியே தூங்கினார். நான் வரத் தொடங்கிய பிறகு, அடுத்த மூன்று மாதங்களில் ஒரே ஒரு முறைதான் போகவில்லை; அன்று அவருக்குக் காய்ச்சல், மருத்துவமனையில் இருந்தார். மகன் இப்போது முழு நாள் வேலைக்குப் போகிறார். ஒருவர் ஒரு மாதத்தில் 13 முறை போய்வர வேண்டும். அதற்கு 598 ஆகிறது. நான் 600 கேட்கிறேன். மீதி இரண்டும் வண்டிக்குத்தான். இன்றைய உணவுக்கும் மண்டபத்துக்கும் ஒருவர் கொடுத்துவிட்டார். நீங்கள் எழுதும் தொகையில் எதுவும் இந்த மேசைக்கு வராது. இன்னும் 11 பேர் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியதைவிட அதிகமாக வந்தால், அடுத்துப் பட்டியலில் சேர்பவருக்கு அது போகும். அட்டை உங்கள் தட்டுக்கு அருகில் இருக்கிறது. எத்தனை மாதம் என்று இப்போது எழுதுங்கள்.”

“அடுத்துப் பட்டியலில் சேர்பவருக்கு” என்ற வரி பார்ப்பதற்குச் சிறியது. ஒரு குறிப்பிட்ட செலவுக்கென்று கேட்டு வாங்கிய பணத்தை வேறொன்றுக்குச் செலவிடக் கூடாது. பல இடங்களில் அது சட்டமும்கூட. எதிர்பார்த்ததைவிட அதிகம் வந்தால் என்ன செய்வோம் என்பதைக் கேட்கும்போதே சொல்லிவிட்டால், பிறகு 140 பேரையும் தேடிப்போய் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அட்டையின் அடியிலும் அந்த வரியை அச்சிட்டிருந்தோம்.

முதன்மை உணவு முடிந்து, கடைசிப் பரிமாறலுக்கு முன்பு ஓட்டுநர் பேசினார். பரிமாறுபவர்கள் அந்த நேரத்தில் உள்ளே வரக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தோம். ஒவ்வொரு அட்டையோடும் ஒரு பேனா இருந்தது. ஒரு மேசைக்கு ஒரு பேனா வைத்தால், அது கைமாறுவதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடும். பேசி முடித்ததும் இசை வேண்டாம், நன்றி அறிவிப்பும் வேண்டாம், இரண்டு நிமிடம் ஒன்றும் வேண்டாம் என்று கேட்டிருந்தேன். தொகுப்பாளருக்கு அந்த அமைதி தாங்கவில்லை. ஒலிவாங்கியை நோக்கி இரண்டடி வைத்துவிட்டு நின்றார். நான் பின்வரிசையில் நின்றபடி மேசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைகள் குனிந்திருந்தன. ஒரு மேசையில் கணவனும் மனைவியும் ஒரே அட்டையைப் பிடித்துக்கொண்டு எழுதினார்கள்.

அன்றிரவு எண்ணியபோது 112 மாதங்கள் எழுதப்பட்டிருந்தன. 11 பேருக்கு ஓராண்டுக்கு வேண்டியது 132. விருந்து வெற்றி என்று எல்லோரும் கைகுலுக்கினார்கள். எழுதியது வேறு, வந்துசேர்வது வேறு என்பதால் நான் அந்த எண்ணை யாரிடமும் வருமானமாகச் சொல்ல வேண்டாம் என்றேன். மறுநாளே ஒவ்வொருவருக்கும் அவர் எழுதிய மாதங்களின் எண்ணிக்கையைக் குறிப்பிட்டு, பணம் செலுத்தும் வழியோடு கடிதம் போயிற்று. ஆறு வாரங்களின் முடிவில் 104 மாதங்களுக்கான பணம், அதாவது 62,400, வந்திருந்தது. அதை எட்டுப் பேருக்கு ஓராண்டு என்று பிரித்தால் 96 மாதங்கள்; மீதி எட்டு மாதங்கள் ஒன்பதாமவருக்கு. எல்லோருக்கும் சிறிது சிறிதாகப் பங்கிடலாம் என்ற யோசனை வந்தது. ஆனால் டயாலிசிஸுக்குப் பாதி வழி வண்டி அனுப்ப முடியாது. யார் அதிகம் தவறவிடுகிறார்கள் என்று வருகைப் பதிவைப் பார்த்து வரிசைப்படுத்தினோம்.

எழுதியும் அனுப்பாதவர்களுக்கு நான் எழுதிய இரண்டாவது கடிதத்தில் நினைவூட்டல் என்ற சொல்லே இல்லை. “நீங்கள் விருந்தில் எழுதிய மாதம் இன்னும் வரவில்லை. ஒன்பதாமவருக்கு எட்டு மாதங்கள் உறுதியாகிவிட்டன; நான்கு மாதங்கள் மீதமுள்ளன. ஒரு மாதம் 600” என்று மட்டும் இருந்தது. கடிதம் போவதற்கு முன் அதையும் அந்தத் தையல்காரரிடம் படித்துக் காட்டினேன். அவரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை என்றாலும், அவர் தொடங்கிவைத்த கணக்கு அது. கேட்டுவிட்டு, ஒன்பதாமவர் யாரென்று கேட்டார். சொல்லக் கூடாது என்றேன். “சரி” என்று சொல்லிவிட்டு, அவருக்கும் அழைத்துப்போக மகன் இருக்கிறானா என்று மட்டும் கேட்டார்.